பொட்டு வைத்த கீ

அந்தக் கீயைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் இருப்பதற்காக அடுத்த நான்கு நாள் நான் போட்ட மெயில்களைப் படித்தால் உங்களுக்கு என் மேல் இருக்கும் மரியாதை எப்படியும் போய்விடும்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். என் பெயர் சிங்காரம். பட்டா, வில்லங்கம், சாதிச் சான்றிதழ், ஜெராக்ஸ் எல்லாம் என் ராஜ்யம். ஞாயிற்றுக்கிழமை காலை அதில் ஒரு புதுத் தொழில் சேர்ந்தது: கம்ப்யூட்டர் கேம் விற்பனை. முதல் போணி அனிதா.

அனிதாவுக்கு ஊர் கே.ஜி.கண்டிகை. இங்கே ஸ்கேன் சென்டரில் வேலை. புருஷன் வளவன் தோஹாவில் ஏசி மெக்கானிக். போய்ப் பதினோரு மாதம். தினம் வீடியோ காலில் "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்பதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடவில்லையாம். இரண்டு பேர் சேர்ந்து உடைந்த கப்பலைச் சரிசெய்யும் ஒரு விளையாட்டை வளவன் கண்டுபிடித்திருக்கிறான். ஆளுக்கொரு கேம் வேண்டும். அவன் வாங்கிவிட்டான். இவளுடைய கார்டு வெளிநாட்டு சைட்டில் வேலை செய்யவில்லை, அதனால் என்னிடம் வந்தாள். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்கு இவளும் சாயந்திரம் பர்மிஷன் போட்டிருந்தாள்.

"அண்ணா, வெள்ளிக்கெழமைக்குள்ள கண்டிப்பா வந்துடுமா?"

"வெள்ளிக்கெழமையா? இன்னும் அஞ்சு நிமிஷத்துல வந்துடும்மா," என்றேன். வந்தும் விட்டது. அதுதான் வினை.

கேம் வாங்கினால் பதினைந்து எழுத்தில் ஒரு கீ வரும். விளையாடுகிறவர் தன் கணக்கில் அதைப் போட வேண்டும். யார் முதலில் போடுகிறார்களோ, கேம் அவர்களுக்கே. ஒரு முறை போட்டால் முடிந்தது. இது எனக்குத் தெரியும். தெரிந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? கீயை அனிதாவுக்கு மட்டும் அனுப்பிவிட்டு வாயை மூடியிருக்க வேண்டும். அவளுக்கு டியூட்டி; சாயந்திரம் லேப்டாப்போடு வருவதாகச் சொல்லிப் போயிருந்தாள். நான் கீயைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்தேன். முதல் போணி அல்லவா? நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம் வைத்தேன். முருகர் படத்தின் கீழே சாத்தி, கற்பூரம் காட்டி, போட்டோ பிடித்து, "நம்ம கடையில் இனி ஒரிஜினல் கேம் கீ கிடைக்கும்" என்று வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். கல்லூரிப் பையன்கள் ஹால் டிக்கெட் பிரிண்டுக்காகக் கொடுத்த நம்பரெல்லாம் என் போனில்தான் இருக்கிறது.

சாயந்திரம் அனிதா கீயைப் போட்டாள். "பிழை ஆர்-09. இந்தக் கீ வேறொரு கணக்கில் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுள்ளது."

போனை மேஜைக்கு அடியில் மறைத்து ஸ்டேட்டஸை அழித்தேன். வாய் மட்டும் வேறு வேலை பார்த்தது.

"செகண்ட் ஹேண்ட் கீய தலையில கட்டிட்டானுங்கம்மா. ஃபிராடுப் பசங்க. நீ கவலப்படாத, நான் மெயில் போட்டு உண்டு இல்லன்னு ஆக்கிடறேன்."

"போடுங்கண்ணா. அவரு அங்க நாளை எண்ணிகினு கீறாரு."

அன்று கேம் விற்ற சைட்டுக்கு நான் எழுதிய ஆங்கில மெயிலின் தமிழாக்கம் இது. ஆங்கிலத்தில் இதைவிடக் கேவலமாக இருந்தது.

"ஐயா/அம்மா, உங்களிடம் வாங்கிய கீ வேலை செய்யவில்லை. ஆர்டர் எண் மேலே உள்ளது. செய்து பார்த்தவை: ஒன்று, காப்பி செய்து ஒட்டினோம், ஆர்-09 வந்தது. இரண்டு, கையால் அடித்தோம், அதே ஆர்-09. மூன்று, பூஜ்யத்துக்குப் பதில் ஓ போட்டோம், செல்லாத கீ, ஆர்-14. நான்கு, எட்டுக்குப் பதில் பி போட்டோம், மறுபடி ஆர்-14. ஐந்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். ஆறு, மோடத்தை அணைத்துப் போட்டோம். அதற்குள் எங்கள் நெட்டையே பயன்படுத்தும் பக்கத்துக் கடையில் பில் போட முடியாமல் சண்டைக்கு வந்தார்கள். ஏழு, மேலும் பலமுறை முயன்றோம். முயற்சிகள் அதிகம், ஒரு மணி நேரம் கழித்து வரவும் என்று ஆர்-53 வந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மீண்டும் ஆர்-09. உடனே புதுக் கீ அனுப்பவும்."

எட்டாவதாக ஒரு விஷயம் இருந்தது. அதை எழுதவில்லை.

திங்கட்கிழமை பதில் வந்தது. பொறுமைக்கு நன்றியாம். பிரவுசரின் குப்பையை நீக்கிவிட்டு மறுபடி முயல வேண்டுமாம். ஆர்-09 என்று நான் ஏழு வரி எழுதியிருக்கிறேன். அதற்கும் பிரவுசருக்கும் என்ன சம்பந்தம்? செவ்வாய்க்கிழமை, கீயை எழுத்துப் பிழையின்றி அடிக்கவும் என்றார்கள். மின்சார ஆபீஸ் கவுண்டரில்கூட மனிதர்கள் முறைத்துக்கொண்டாவது பதில் சொல்வார்கள். இங்கே முறைப்பதற்கும் ஆள் இல்லை. எல்லா மெயிலும் "உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி" என்று முடிந்தது. இவர்கள் மகிழ்ச்சியில் மண் விழ.

அனிதா தினம் டியூட்டி முடிந்து வந்து நிற்பாள். "இன்னாண்ணா சொன்னானுங்க?"

"பயந்துட்டானுங்கம்மா. ரெண்டே நாளு."

புதன்கிழமை, கீ வந்ததற்கு ஆதாரமாகப் படம் அனுப்பச் சொன்னார்கள். கிடைத்தது வாய்ப்பு என்று போனைத் துழாவினேன். ஞாயிற்றுக்கிழமை பெருமைக்காக எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட் அகப்பட்டது. கீ பளிச்சென்று தெரிந்தது. அவசரத்தில் அதையே இணைத்து அனுப்பினேன். அது என் ஸ்டேட்டஸின் படம் என்பதும், போட்ட நேரமும் பார்த்தவர் எண்ணிக்கையும் அதில் இருப்பதும், அனுப்பிய பிறகுகூட என் புத்திக்கு எட்டவில்லை. சான்றிதழுக்கு மனு போடுகிறவர்களிடம் "ஆவணத்தை ஒழுங்காப் பார்த்து அப்லோடு பண்ணுங்க" என்று கத்துகிறவன் நான்.

வியாழக்கிழமை சாயந்திரம் அனிதா எதிரே நிற்கும்போது போன் வந்தது. விற்ற சைட்டின் தமிழ் உதவிப் பிரிவிலிருந்து தமிழ்செல்வி என்று ஒரு பெண். மனிதக் குரல்! அனிதாவும் என் வீரத்தைக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னாம்மா, நாலு நாளா ஆட்டம் காட்டிகினு கீறீங்க? யூஸ் பண்ண கீய வித்துட்டு, பிரவுசரத் தொடைக்கச் சொல்றீங்களா? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் தெரியுமா?"

"போங்க சார். அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். நீங்க அனுப்பின படத்தைப் பார்த்துட்டுதான் கூப்பிடறேன். ஞாயித்துக்கெழம காலைல ஒம்பது நாப்பதுக்கு ஸ்டேட்டஸ் போட்டிருக்கீங்க. இருநூத்திப் பன்னெண்டு பேர் பார்த்திருக்காங்க."

ஸ்பீக்கரை அணைக்கப் போனேன். விரல் சத்தத்தைக் கூட்டிவிட்டது.

"கேம் கம்பெனியில விசாரிச்சேன். உங்க கீ ஒம்பது அம்பத்திரெண்டுக்கு வேற ஒரு அக்கவுண்ட்ல ஏறியிருக்கு. அதுவரைக்கும் அதை யாரும் தொடல."

அனிதா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்போ நாலு நாளா உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா."

"அவருகிட்ட கம்பெனிக்காரனுங்க ஏமாத்திட்டானுங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். பாவம், அந்த மனுஷன் ராத்திரியெல்லாம் அவனுங்களத் திட்டிகினு கீறாரு."

கடையில் ஜெராக்ஸ் மெஷின் மட்டும் யாருடைய பட்டாவையோ துப்பிக்கொண்டிருந்தது. நான் போனை வாய்க்கு அருகில் கொண்டு போனேன். கோர்ட்டுக்குப் போகிற குரல் எங்கோ போயிருந்தது.

"அம்மா, இந்தப் பொண்ணு நாளைக்கு சாயந்திரம் வூட்டுக்காரரோட வெளையாடணும். பொறுமைக்கு நன்றி, மகிழ்ச்சி, அதெல்லாம் வேணாம். புதுக் கீ தருவீங்களா, மாட்டீங்களா? தப்பு யார் மேல?"

"தர மாட்டோம் சார். நாங்க குடுத்த கீ நல்ல கீ, தப்பு உங்க மேலதான். ஆனா இப்பவே இன்னொண்ணு வாங்குங்க, அவங்களையே உக்கார வெச்சு அவங்க அக்கவுண்ட்ல போடச் சொல்லுங்க. நாளைக்கு ரெண்டு பேரும் தாராளமா வெளையாடலாம்."