ஸ்டேப்ளர் பின்னின் நிழல்

பாட ஸ்லைடுகளை முன்கூட்டியே, எடிட் செய்யும்படி தரச் சொல்லி வகுப்புப் பிரதிநிதி பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதினோரு நாளாகியும் பதில் இல்லை. அவளுடைய பக்கத்து இருக்கைத் தோழிக்குப் பார்வை குறைவு. வகுப்புக்கு முன்பே ஸ்லைடு கிடைத்தால், கறுப்புப் பின்னணியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டு வருவாள். பேராசிரியர் அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்தைத் தொடவே முடியாது. போன செமஸ்டரில் தோழி இவர் எடுத்த பாடத்தில் மட்டும் தோற்றாள்.

வகுப்புப் பிரதிநிதி பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"முன்னாடியே குடுத்துட்டா கிளாஸுக்கு யாரும்மா வருவா? மேசையும் நாற்காலியுமா?"

"அவ வருவா சார். முதல் பெஞ்சுலதான் உக்காருவா."

"எடிட் பண்ற மாதிரி வேற கேக்குற. என் பாடத்தையே திருத்தப் போறீங்களா?"

"எழுத்தை மட்டும் பெருசாக்கணும் சார்."

"பிடிஎஃப்பையே பெருசாக்கலாமே."

"அது வெறும் படம் சார். பெருசாக்கினா கலங்கிப் போகுது. படிச்சுக் காட்டுற சாஃப்ட்வேரும் ஒரு வார்த்தை பேசாது." எரிச்சலில் கூச்சம் பறந்துவிட்டது. "எல்லாப் பக்கமும் சாய்ஞ்சிருக்கு. மூலையில ஸ்டேப்ளர் பின் நிழல்கூட விழுந்திருக்கு. ஒரிஜினல் ஃபைலை அனுப்ப ரெண்டு நிமிஷம் ஆகுமா சார்?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"எங்கிட்ட அந்த ஃபைலே இல்லம்மா. எனக்கு முன்னாடி இந்தப் பாடம் எடுத்த மேடம் விட்டுட்டுப் போன பிரிண்ட் அவுட்டைத்தான் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன்."