குழாயடிப் புகார் வாபஸ்

நிஜாம் ரயில்வே காலனிக் குழாயடியில் என் மனைவி நாகம்மாவின் குடத்தை உடைத்த சூசைராஜ், புதுக் குடம் தந்து மன்னிப்பும் கேட்டுவிட்டான். புகாரை வாபஸ் வாங்க மூவரும் போலீஸ் ஸ்டேஷன் போனோம். வாசலில் மனு எழுதுகிறவர் வாசித்தார்:

“எங்களுக்குள் சமரசம் ஏற்பட்டுவிட்டபடியால், யாருடைய நிர்ப்பந்தமுமின்றி, முழுச் சம்மதத்துடன் என் புகாரை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன். மேல் நடவடிக்கை வேண்டாம்.”

பிறகு கேட்டார். “எதிராளி பேரு?”

“சூசைராஜ்,” என்றாள் நாகம்மா வாய் நிறைய.

“புருஷன் பேரு?”

தலையைக் குனிந்துகொண்டு என்னைக் கையால் காட்டினாள். புருஷன் பேரைச் சொல்லக்கூடாதாம்! பத்து வருஷமாக என் பேர் அவள் வாயில் வந்ததே இல்லை. அவன் பேர் மட்டும் அத்தனை இனிப்பா?

“அய்யாக்கண்ணு!” என்று நானே கத்தினேன்.

அவள் கைநாட்டு வைத்தாள். ‘முழுச் சம்மதத்துடன்’ என்ற வரிக்குக் கீழே, பல்லைக் கடித்துக்கொண்டு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.