பாதி இறந்த ஜேக்கப்

ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் ஃபேக்டரியின் கழிவுத் தொட்டியில் இறங்கிச் செத்துப்போன ஜேக்கப், எட்டாம் நாள் காலை, இடுப்புவரை உயிரோடு கம்பெனி ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தான். டீ கேட்டான். மனைவி ஜெயபுஷ்பம் போட்டுக் கொடுத்தாள். இடுப்புக்குக் கீழே அவன் கறுத்துச் சில்லிட்டிருந்தான். தொட்டி நாற்றம் அடித்தது.

இது சமரசக் குழுத் தலைவர் கோதண்டபாணி சொன்னதால் நடந்தது. ஓய்வு பெற்ற தாசில்தாரான அவர் எதைச் சொன்னாலும் அது அப்படியே ஆகிவிடும் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வரப்புத் தகராறிலும் போனஸ் தகராறிலும் இரண்டு பேர் கேட்பதற்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, இரு பக்கமும் முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போகும்படி முடித்து வைத்தவர். பங்கு போடக்கூடிய விஷயங்களில் அது சரியாகவே வந்தது. அதனால் எல்லாவற்றையும் அப்படியே முடிக்கலாம் என்று அவர் நம்பிவிட்டார்.

ஜேக்கப் தொட்டிக்குள் இறங்கியதையும் மேலே வராததையும் சாப்பாடு கொண்டுபோன ஜெயபுஷ்பம் கண்ணால் பார்த்திருந்தாள். அவன் செருப்பு தொட்டி ஓரத்தில் கிடந்தது. மேனேஜர் கௌதம், ஜேக்கப் தன் காலாலேயே கேட்டைத் தாண்டிப் போனான், எங்கேயோ நன்றாக இருக்கிறான் என்றார். குழு கூடியபோது கோதண்டபாணி இருவர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். இருவருமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், உண்மை நடுவில் இருக்கும் என்றார்.

பதினைந்து வயது மகள் கெசியா எழுந்து நின்றாள். "ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்றது பொய்னா நடுவுல இருக்கறதும் பொய்தான ஐயா. தொட்டிய எறைச்சுப் பாருங்க. ஒரு மணி நேர வேலை."

"எறைச்சா உங்க பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும்மா" என்றார் கோதண்டபாணி, அன்பாகவே. "நான் ஒரு பக்கம் சாயக்கூடாது."

தொட்டியை யாரும் இறைக்கவில்லை. ஜேக்கப் பாதி செத்தவன் என்று எழுதிக் கையெழுத்தானது.

ஜெயபுஷ்பம் தினமும் அவன் கால்களை வெந்நீரில் கழுவினாள். அவை அழுகவும் இல்லை, சூடேறவும் இல்லை. ஆறு மாதத்தில் கம்பெனி மறுபடி மனு போட்டது: ஜேக்கப் முழுசாக உயிரோடு இருக்கிறான். பாதி செத்தவன் என்பதைத்தான் இப்போது ஜெயபுஷ்பம் சொல்ல முடிந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு விழுந்தது. மறுநாள் முழங்காலுக்குக் கீழே மட்டும் செத்திருந்தான். அடுத்த ஆறு மாதத்தில் கணுக்கால். ஒவ்வொரு முறையும் கம்பெனி முதலில் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தது, நகர்ந்தவள் ஜெயபுஷ்பம். கோதண்டபாணி இரு தரப்புக்கும் ஒரே மாதிரி டீ வாங்கிக் கொடுத்தார்.

பாதங்கள் மட்டும் செத்திருந்த நிலையில் ஜேக்கப் வேலைக்குத் தகுதியானவன் என்று கம்பெனி முடிவு செய்தது. கால் செத்தவனுக்குச் சேறு உறைக்காது என்று கௌதம் அவனை அதே தொட்டியில் இறக்கினார். கயிறு கொடுக்கவில்லை, மூச்சுக்கு முகமூடி கொடுக்கவில்லை. அவன் மேலே வரவில்லை.

அன்று ஜெயபுஷ்பம் அழாமல் கணக்குப் போட்டாள். ஒரு சாவைச் சொன்னால் பாதிச் சாவைத்தான் ஒத்துக்கொள்வார்கள். இரண்டு சொன்னால் ஒன்றாவது முழுசாகக் கிடைக்கும், அவனைப் புதைத்துவிடலாம்.

"என்னையும் செத்துட்டேன்னு சொல்லப் போறியா?" என்றாள் கெசியா. "பொய் சொல்லாதம்மா."

"உண்மைய சொன்னேன். பாதிதான் குடுத்தாங்க."

குழுவின் முன் ஜெயபுஷ்பம், தன் புருஷனும் மகளும் தொட்டியில் விழுந்து செத்தார்கள் என்றாள். கெசியா அவள் பக்கத்திலேயே தலை குனிந்து நின்றாள். யாருமே விழவில்லை என்றார் கௌதம். கோதண்டபாணிக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. இரண்டுக்கும் பூஜ்ஜியத்துக்கும் நடுவில் ஒன்று. செத்தது ஒருவர்.

ஜெயபுஷ்பம் கைகூப்பினாள். அவர் பேனாவை மூடவில்லை. அந்த ஒருவர் யார் என்பதில் அப்பா பக்கமும் சாயக்கூடாது, மகள் பக்கமும் சாயக்கூடாது என்று, ஆளுக்குப் பாதிச் சாவு எழுதினார்.

விடிந்தபோது ஜேக்கப் பாயில் படுத்து டீ கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த பாயில் கெசியா எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், தன் தொடையைத் தொட்டுப் பார்த்தாள். ஜெயபுஷ்பம் நாலு கால்களையும் கழுவினாள். மகளுக்குத் தலைவாரி, யூனிஃபார்ம் போட்டுவிட்டு, தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் தீர்ப்பின் நகலை வாங்கிப் படித்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் கெசியாவுக்கு அரை நாள் போட்டார்.