போணிக்குக் காத்திருந்த காப்பி

என் கணவர் வேலாயுதத்துக்கு எதுவானாலும் பெரிதாக இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர், சின்னச் சாமான் எதுவும் அவர் கண்ணில் படாது. நாங்கள் தொடங்கப்போகும் சாலையோரக் காப்பிக் கடைக்கு இரண்டரை லிட்டர் ஃபிளாஸ்க் நான்கு வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். டேப் வைத்த பன்னிரண்டு லிட்டர் எவர்சில்வர் பீப்பாய், தோங் ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி வந்து நின்றார். பெண் பார்க்க வந்தபோது கூட அந்த முகத்தில் இவ்வளவு பூரிப்பு இல்லை.

"பாத்தியா, கீழ டேப்பு. திருகுனா கோப்பி. கெத்தா இல்ல?"

"கெத்து கிடக்கட்டும். இதுல பாதிதான் ஊத்துனா சீக்கிரம் ஆறிடும். டேப்புக்குள்ள பால் தங்குனா எப்படிக் கழுவுவீங்க?"

"ஐயோ, கடை போடுறப்பவும் பேக்டரி மாதிரி பேசாதலா."

நான் வேறு எப்படிப் பேசுவேன்? கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அது மூடப்பட்ட அன்று எல்லோரும் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் வெப்பமானியை எடுத்துக்கொண்டு வந்தேன். அது பழசு என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எடுத்தேன், திருட்டு இல்லை.

கடை எங்கள் ஆசைக்காகத் தொடங்கியது இல்லை. அவருடைய முதுகெலும்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனி நீண்ட தூரம் ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனியோ ஆள் பற்றாக்குறையில் திரும்ப வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கடை திறக்கும் திங்கட்கிழமை பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். "மொத நாள் நல்லா போச்சுன்னா கடை. சொதப்புச்சுன்னா லோரி" என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அந்த முதுகோடு மறுபடி ஏறினால் ஒருநாள் இவரை நாலு பேர் தூக்கித்தான் இறக்குவார்கள். அந்தப் பயத்தில் எனக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை.

அதனால் எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். மாநகராட்சி லைசன்ஸ் வாங்கினோம். உணவு கையாளும் பயிற்சிக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்தோம். டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டோம். நாற்பதடி கண்டெய்னரை ஒற்றைக் கையால் திருப்புகிற மனிதர் அந்த ஊசிக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், நர்ஸ் சிரித்துவிட்டாள். ஒற்றை அடுப்பு, ஒரு கெட்டில், காப்பி வடிகட்டும் துணிப் பை, ஐஸ் பெட்டி, கை கழுவ டேப் வைத்த தண்ணீர் டிரம், சோப்பு. இவ்வளவுதான் கடை.

ஒன்றை மட்டும் பத்துத் தடவை சொன்னேன். "தோங்ல வெறும் கறுப்புக் கோப்பி. பால் ஐஸ் பெட்டியில. கேக்குறவங்களுக்கு அந்தந்தக் கப்புல கலக்கலாம். கோப்பி ஊத்துறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணிய தோங்ல ஊத்தி, பத்து நிமிஷம் வச்சு கொட்டணும். இல்லன்னா ஜில்லுனு இருக்குற எவர்சில்வரே பாதிச் சூட்டக் குடிச்சிடும்."

"ம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் நம்பினேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் வேலையைக் காட்டிவிட்டார். பால்காரரிடம் வாங்கிய பசும்பாலைக் காய்ச்சி, காப்பியோடு கலந்து, சர்க்கரையும் போட்டு, தோங்கில் ஊற்றி மூடியாகிவிட்டது. ஆறு லிட்டர். பாதித் தோங் காலி. வெந்நீர் ஊற்றிச் சூடேற்றவும் இல்லை. மணி நாலே முக்கால்.

"ஏங்க இப்படி?"

"கலந்து வச்சா டக்குனு ஊத்தலாம்ல. டிரைவருங்களுக்கு நேரம் ஏது?"

வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். எழுபத்திரண்டு. எடுத்த எடுப்பிலேயே எழுபத்திரண்டு டிகிரிதான்! சரி, ஆறு மணிக்குள் விற்றுத் தீர்த்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். லோரிகள் நிற்கும் சாலையோரத்தில் ஐந்தே காலுக்குக் கடை போட்டோம். ஐந்தரைக்கே இரண்டு பேர் வந்தார்கள்.

"பாஸ், ரெண்டு கோப்பி."

என் கணவர் இரண்டு கைகளையும் கூப்பினார். "மன்னிச்சிக்குங்க பாஸ், இன்னும் போணி ஆகல. எங்க ஷாஹுல் அண்ணே வந்துதான் போணி பண்ணணும்."

எனக்குத் தலை சுற்றியது. ஷாஹுல் ஹமீது இவரோடு லோரி ஓட்டியவர், மூத்தவர். கைராசிக்காரர் என்று போர்ட் முழுக்கப் பேச்சு. அவர் முதல் ரப்பர் பேண்டை வாங்கினால் ரப்பர் பேண்ட் கடை கூட ஓடுமாம். அந்த இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்கள். பிறகு வந்த மூன்று பேரையும் இவர் அதே பணிவோடு அனுப்பி வைத்தார். திறந்த கடையில் விற்க மறுத்த முதல் வியாபாரி நாட்டிலேயே இவராகத்தான் இருக்கும்.

"அண்ணே எங்க?"

நான் கேட்டதும் இவர் போன் போட்டார். வழியில் ஒரு லோரி கவிழ்ந்து சாலை அடைத்துக்கொண்டதாம். "பத்து நிமிஷத்துல வந்துடுவாரு" என்றார். அந்தப் பத்து நிமிடம் மணிக்கணக்கில் நீண்டது. சாலை அடைத்ததால் மற்ற லோரிகளும் வரவில்லை. வாசனை பார்க்கிறேன் என்று இவர் வேறு அடிக்கடி மூடியைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் சூடு குபுகுபுவென்று வெளியேறியது. ஆறே முக்காலுக்குப் பார்த்தேன், அறுபது.

"இதுக்குக் கீழ எறங்கக் கூடாதுங்க. இப்பவே கெட்டில்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி நல்லாக் கொதிக்க வச்சிடலாம்."

"போணிக்கு முன்னாடி தோங்ல கை வைக்காத தாமரை. அண்ணே வந்துட்டே இருக்காரு."

அங்கேயே நான் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். முதல் நாள் சண்டை வேண்டாம், அவர் மனம் நொந்து லோரிக்குப் போய்விடப் போகிறார் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்பதே காலுக்குச் சாலை திறந்தது. ஒரே நேரத்தில் பதினெட்டு லோரிகள் வந்து வரிசையாக நின்றன. முன்னால் ஷாஹுல் ஹமீது, பின்னால் பசியோடும் கடுப்போடும் டிரைவர்கள். என் கணவருக்கு முகமெல்லாம் பல். "வாங்கண்ணே! உங்களுக்காகத்தான் தொடாம வச்சிருக்கேன்" என்று கப்பை எடுத்து டேப்பைத் திருகினார்.

நான் வெப்பமானியைக் கப்புக்குள் விட்டேன். நாற்பத்தாறு.

"குடிக்காதீங்கண்ணே" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் பல்லைக் கடித்தபடி என் காதருகே வந்தார். "என்ன பண்ற நீ? பதினெட்டு பேரு நிக்கிறான். மானம் போகுது."

"பால் கலந்து நாலரை மணி நேரம் ஆச்சு. அறுபதுக்குக் கீழ எறங்கியே ரெண்டரை மணி நேரம் ஆகுது. கிருமி குட்டி போடுற சூடு இது."

"மறுபடி கொதிக்க வச்சா செத்துடும்ல?"

"கிருமி சாகும். அது விட்டுட்டுப் போன விஷம் எல்லாமே கொதிக்க வச்சா போயிடாது. முன்னாடியே கொதிக்க வச்சிருக்கணும். இப்ப கொட்டத்தான் வேணும்."

"மோந்து பாரு, கெட்ட வாடை எதுவும் இல்ல."

"வாடை வர்றதுக்கு முன்னாடியே வயித்த கலக்கிடும்ங்க."

அவர் தோங்கைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது இருபத்தொன்று. முதல் நாள் சொதப்பிவிட்டது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. இந்தக் காப்பியைக் கொட்டினால் நானே இவரை லோரியில் ஏற்றி அனுப்புகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கொட்டாமலும் என்னால் இருக்க முடியாது. சட்டம், பயிற்சி, விஷம் எதுவும் இனி இவரிடம் எடுபடாது. வேறு வழியில்லாமல் ஷாஹுல் ஹமீதைக் கேட்டேன்.

"அண்ணே, இன்னைக்கு எங்க ஓட்டம்?"

"ஜொகூர், தங்கச்சி. வழியில நிக்க முடியாது, ஏற்கனவே லேட்டு."

நீட்டியிருந்த கப்பை என் கணவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தெற்கே பல மணி நேரம் போகும் ஜொகூர் ஓட்டத்தின் கஷ்டம் எனக்கு முழுதாகத் தெரியாது, அவருக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் நடுவழியில் வயிறு கலக்கினால் நாற்பதடி கண்டெய்னரை எங்கே ஓரம் கட்டுவது? கல்யாணமான புதிதில் ஒருமுறை அவர் அப்படி மாட்டிக்கொண்ட கதையை இன்றுவரை முழுதாக எனக்குச் சொன்னதில்லை.

கப்பைச் சாக்கடையில் கவிழ்த்தார். பிறகு குனியக் கூடாத முதுகோடு குனியப் போனார். இரண்டு டிரைவர்கள் ஓடி வந்து தோங்கைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஆறு லிட்டர் பசும்பால் காப்பியும் கொளகொளவென்று போயிற்று.

"பாஸுங்களா" என்று சத்தமாகச் சொன்னார். "தப்பு என்னோடது. காலையில கலந்தது கெட்டிருக்கும். உங்கள நம்பி வண்டி ஓடுது, அத நான் தர மாட்டேன். புதுசா போட்டுத் தரேன். ஒரே அடுப்புதான், மெதுவாத்தான் வரும். அவசரம்னா கெளம்புங்க, கோவிச்சிக்க மாட்டேன்."

ஐந்து பேர் கிளம்பினார்கள். ஒருவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். மற்றவர்கள் நின்றார்கள். நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கெட்டிலை ஏற்றினேன். துணிப் பையில் தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி இறக்கி, அப்போதே திறந்த டின்னிலிருந்து கப்பில் கட்டிப் பாலை விட்டு, ஆவி பறக்க நீட்டினேன். என் கணவர் வரிசையைப் பார்த்துக்கொண்டார். யாருக்குக் 'கோப்பி ஓ' எனும் கறுப்புக் காப்பி, யாருக்குப் பால் என்று பெயரோடு ஞாபகம் வைத்துக் கொடுத்தார். காற்றில் காப்பித் தூள் வாசனை வந்ததும் இன்னும் நாலு லோரி நின்றது. ஷாஹுல் ஹமீது கறுப்புக் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.

"சுடுதுலா. இதான் கோப்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் குறைந்தபோது மணி பத்தே கால். பத்து மணி தாண்டிவிட்டதை நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார்.

"கம்பெனிக்குப் போன் பண்ணலியா?" கேட்டேன்.

அவர் காலியான தோங்கை மடியில் வைத்துக்கொண்டு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து டேப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உள்ள பால் தங்குனா எப்படிக் கழுவுவீங்கன்னு கேட்டியே. உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கு போல. எப்படிக் கழட்டறது? காட்டு, நாளைக்கு வேணும்."

பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். கண் கலங்கியதில் வளையம் இரண்டாகத் தெரிந்தது. வெங்காயம் நறுக்கினேன் என்று பொய் சொல்லவும் வழியில்லை, காப்பிக் கடையில் வெங்காயம் ஏது?