எழுபத்தெட்டும் இரண்டும்

விடைத்தாள் கட்டைப் பிரித்த கொஞ்ச நேரத்திலேயே அருணாவுக்கு வாயெல்லாம் கசந்துவிட்டது. ஏழாம் கணக்குக்கு ஒருத்தி தவிர எல்லாப் பிள்ளைகளும் 2 என்றே எழுதியிருந்தார்கள்.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ராஜாராம் நடத்தும் டியூஷனில் அவள்தான் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். பயிற்சித்தாளும் விடையும் ராஜாராமே தயாரித்து, பிள்ளைகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பியவை. x(x²+1)³ என்பதை 0 முதல் 2 வரை தொகையிட வேண்டும். உள்ளே இருக்கும் x²+1 என்பதை u என்று எடுத்தால், வெளியே நிற்கும் x dx அப்படியே du/2 ஆகிவிடும். அதுவரை மனிதர் சரியாகத்தான் போட்டிருந்தார். ஆனால் u வந்த பிறகும் x-இன் எல்லைகளையே வைத்து, u⁴/8-இல் 0, 2 என்று போட்டு, 2 என்று முடித்துவிட்டார். x 0 ஆனால் u 1, x 2 ஆனால் u 5. விடை 624/8, அதாவது 78. x 1 முதல் 2 வரை உள்ள பகுதியே எட்டைத் தாண்டிவிடும். மொத்தமும் எப்படி இரண்டாகும்? யோசிக்க ஒருத்தருக்கும் சோம்பல். வாட்ஸப்பில் வந்த விடையை அப்படியே விழுங்கிக் கக்கியிருந்தார்கள்.

முனீஸ்வரி ஒருத்திதான் எல்லையை மாற்றி 78 எழுதியிருந்தாள். விடைப்படி திருத்தினால் அவளுக்கு ஐந்து மதிப்பெண் போகும். மதிப்பெண் குறைந்தவர்களை மாலை பேட்ச்சிலிருந்து விடிகாலை பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்கள். அவள் அம்மா பேச்சி விடியுமுன்னே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் மலையேறுகிறவள். சமையலும் கைக்குழந்தைத் தம்பியும் முனீஸ்வரி தலையில். விடிகாலை என்றால் படிப்பையே நிறுத்திவிட வேண்டியதுதான்.

அருணா தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள். ராஜாராம் ஒரு பார்வையிலேயே தன் தப்பைப் பிடித்துவிட்டார். வெட்கப்படுவார் என்று நினைத்தாள். அவரோ டீயை உறிஞ்சினார்.

"தப்புதாம்மா. அதுக்காக நம்ம விடையே தப்புன்னு ஊரெல்லாம் சொல்லச் சொல்றியா? விடைப்படி திருத்து. நான் மறுபடி பாப்பேன்."

அவர் மீசையில் பாலாடை ஒட்டியிருந்தது. அருணா தாளை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

வகுப்பு வாசலில் முனீஸ்வரி நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"மிஸ், பேப்பரக் கொண்டாங்க. மாத்திக் குடுத்துர்றேன்."

"நீ போட்டதுதான் சரி."

"தெரியும் மிஸ். வெரசா குடுங்க, சார் வந்துருவாரு."

அருணா கொடுத்தாள். அந்தப் பெண் u-வுக்கு எல்லையாக எழுதிய 1-ஐயும் 5-ஐயும் அடித்து, 0, 2 என்று போட்டு, கடைசியில் 78-ஐ அடித்து 2 என்று எழுதினாள். தாளை நீட்டியபோது முகத்தில் அழுகை இல்லை.

அருணா சிவப்புப் பேனாவை எடுத்தாள். அந்த 2-க்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டு, ஐந்துக்கு ஐந்து என்று எழுதினாள். "தேங்க்ஸ் மிஸ்" என்றது பிள்ளை. அவள் முகத்தைப் பார்க்க அருணாவால் முடியவில்லை.