கப்பின் அடியில் கிடந்த வெள்ளை

என் அண்ணனுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து, இனிப்பான காபியை அவன் என் கடையில் மட்டும்தான் குடிக்கலாம் என்பது அண்ணி போட்ட சட்டம். அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். யாரையும் லேசில் நம்பமாட்டாள். என்னை நம்பினாள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

கடை ஒரு அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. காலையில் என் வீட்டுக்காரர், மத்தியானத்திலிருந்து நான். அண்ணன் வேலை முடிந்து சாயங்காலம் வருவான். சர்க்கரைக்குப் பதிலாக விற்கிறார்களே, ரத்தச் சர்க்கரையை ஏற்றாத எரித்ரிட்டால் என்ற வெள்ளைத் தூள், அதில் ஒன்றரைக் கரண்டி போடுவேன். சூட்டில் இரண்டு சுற்று கலக்கினால் கரைந்துவிடும். "நம்ம சர்க்கரை மாதிரியே இருக்கு"ன்னு சப்புக்கொட்டிக் குடிப்பான்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லாரும் ஐஸ் காபி கேட்டார்கள். ஐஸ் கப்பில் தேன் விட்டால் கெட்டிப்பட்டு அடியிலேயே போர்த்திக்கொண்டு தூங்கும், வெல்லத்தூள் மண்ணாய் நிற்கும். அதனால் தேனையும் வெல்லத்தையும் வெந்நீரில் இளக்கி வைத்திருந்தேன். அண்ணனுக்காக எரித்ரிட்டாலையும் கெட்டியாகப் பாகு காய்ச்சி, முந்தின நாளே பிரிட்ஜில் வைத்திருந்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

அண்ணனோடு அண்ணியும் வந்தாள். கையில் ஒரு தாள். அவசரத்தில் பாட்டிலைப் பார்க்காமல் பாகை ஊற்றி, ஐஸ் போட்டு, காபி ஊற்றிக் கொடுத்தேன். அண்ணன் ஒரே மூச்சில் குடித்துவிட்டான். அண்ணி கப்பை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் வெள்ளை வெள்ளையாகக் கற்கள்.

"இது என்ன?"

"சர்க்கரை இல்ல அண்ணி."

"மூணு மாசச் சராசரிச் சர்க்கரை ஏழுல இருந்து ஒம்பதுக்குப் போயிருக்கு." தாளை மேசையில் வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "அண்ணன் மேல பாசத்துல சர்க்கரை போட்டிருந்தா எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல. இனிமே இவர் இங்க குடிக்க வேணாம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அதைவிட அழுகை வந்தது. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பாதிப் பாகு கல்லாகி அடியில் உட்கார்ந்திருந்தது. சூட்டில் அளவுக்கு மீறிக் கரைத்தது, குளிர்ந்ததும் வெளியே வந்துவிட்டது.

"உங்க பையில இருக்கிற சர்க்கரை மெஷின்ல சோதிச்சுப் பாருங்க அண்ணி."

"அந்த ஸ்ட்ரிப் குளுக்கோஸைத்தான் காட்டும். வெள்ளைச் சர்க்கரையைக் காட்டாது."

அவள் விவரமானவள், என்ன செய்ய. கப்பின் அடியிலிருந்து கொஞ்சம் கற்களை எடுத்து டிஷ்யூவில் ஒற்றி, பத்து நிமிஷம் அப்படியே காயவிட்டேன். பக்கத்தில் ஒரு சிட்டிகை நிஜச் சர்க்கரை.

"இப்ப ரெண்டுலயும் குளிர் இல்ல. நாக்குல வச்சுப் பாருங்க."

முதலில் சர்க்கரை. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அடுத்து கற்கள். அண்ணியின் புருவம் ஏறியது.

"ஜில்லுனு இருக்கே!"

"இது கரையும்போது நாக்குல இருக்கிற சூட்டை இழுத்துக்கும் அண்ணி. காபியில முன்னாடியே கரைஞ்சுபோனா அது தெரியாது. சர்க்கரை இப்படிப் பண்ணாது."

அண்ணி இன்னொரு கல்லையும் வாயில் போட்டுப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "தப்பா நினைச்சுட்டேன்" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

"அப்ப ஒம்பது எப்படி வந்துச்சு?" என்று அண்ணனைக் கேட்டாள்.

அண்ணன் கையை விரித்தான். அன்றைக்குக் கணக்கு எழுத வந்து கல்லாவில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் பேனாவை மூடினார்.

"மச்சான் தினமும் காலையில இங்க வந்து வெல்லக் காபி குடிப்பார்" என்றார் மெதுவாக. "சூடா, ரெண்டு கப்பு. சில நாள் தேன். உங்களுக்கெல்லாம் தெரியும்னு நினைச்சேன்."

"வெல்லம் சர்க்கரை இல்லையே" என்றான் அண்ணன்.

"உங்க ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது" என்றாள் அண்ணி. அந்த வெல்லம் சூட்டில் முழுசாய்க் கரைந்து, ஒரு நாள்கூடக் கப்பின் அடியில் தடயம் வைக்கவில்லை. ஒரு பாவமும் அறியாத கல்தான் இன்று மாட்டிக்கொண்டது.

"யாருங்க உங்களுக்கு இதைச் சொன்னது?" என்று அண்ணி கேட்டாள்.

அண்ணன் என் தலைக்கு மேலே பார்த்தான். நான் திரும்பினேன். கரும்பலகையில், என் கையெழுத்தில், பூவெல்லாம் வரைந்து எழுதியிருந்தது: 'வெல்லக் காபி, தேன் காபி. சர்க்கரை இல்லை. உடம்புக்கு நல்லது.'

"நீ எழுதினா சரியா இருக்கும்னு நினைச்சேன்மா" என்றான் அண்ணன்.

அண்ணி கரும்பலகையை ஒருமுறை படித்தாள். ஈரத்துணியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.