யாருக்கு அந்த இரண்டாம் தட்டு?

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் யாரும் சாப்பிடுவதில்லை, விழுங்குகிறோம். எந்த வாய்க்கு நடுவில் மணி அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதிலும் எங்கள் ஏணிக்காரர் இருக்கிறாரே, நான் உட்கார்வதற்குள் தட்டைக் காலி செய்துவிட்டு இரண்டாம் தட்டுக்கு நிற்பார். தீப்பிடித்த கட்டிடத்தில் முதலில் ஏறுகிறவர் அவர்தான். வண்டி ஓட்டும் எனக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன்.

மருத்துவப் பரிசோதனையில் அவர் எடை வரம்பைத் தாண்டிவிட்டது. அடுத்த பரிசோதனைக்குள் குறையாவிட்டால் ஏணியை விட்டுத் தொலைபேசி மேசைக்குப் போக வேண்டும். மனிதர் இடிந்துபோனார்.

உணவு ஆலோசனை சொல்லும் ஓர் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பொரிந்து தள்ளினார். "மெதுவா மென்னு சாப்பிடணுமாம்டா. வயிறு நிறைஞ்ச சேதி மூளைக்கு முழுசாப் போய்ச் சேர இருபது நிமிஷம் போல ஆகுமாம். அது வர்றதுக்குள்ள நான் ரெண்டு தட்டு முடிச்சிடறேனாம்."

"அந்தம்மா ஒரு நாள் இங்க வந்து சாப்பிட்டுப் பாக்கட்டும்ணே!" என்றேன். எனக்கும் கோபம்தான். மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யார் மெதுவாக மெல்லுவது?

ஒரு மதியம் அவர் தட்டில் பாதி தீர்ந்திருந்தபோது மணி அடித்தது. ஓடினோம். பாதி வழியிலேயே வண்டியிலிருந்த வயர்லெஸ், யாரோ அடுப்பில் எதையோ கருகவிட்டதாகவும் ஆபத்து இல்லையென்றும் சொன்னது. வண்டியைவிட்டு இறங்காமலே திரும்பினோம். வரும் வழியில் சரியான நெரிசல்.

நிலையத்துக்கு வந்ததும் ஏணிக்காரர் மூடிவைத்த தட்டைத் திறந்து ஒரு வாய் எடுத்தார். அப்படியே வைத்துவிட்டார்.

"என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லடா. பசிக்கல." தட்டையே வெறித்துப் பார்த்தார். "பாதிதான் சாப்பிட்டேன். சும்மா வண்டியில உக்காந்திருந்ததுல வயிறு நிறைஞ்சிடுச்சு. அப்போ இத்தனை வருஷமா ரெண்டாம் தட்டை யாருக்குடா போட்டேன்?"

அன்றிலிருந்து அரைத் தட்டு. ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழே வைத்து, நன்றாக மென்று, ஊர்க்கதை பேசினார். முடித்ததும் கொஞ்ச நேரம் காத்திருந்து, பசித்தால் மட்டும் மறுபடி போட்டுக்கொண்டார். மணி அடித்தால் தட்டை மூடிவிட்டு ஓடினார். அது எங்கேயும் ஓடிவிடவில்லை. "அண்ணன் அசைபோட ஆரம்பிச்சிட்டாரு" என்று கிண்டல் செய்தோம். சில நாள் பழைய புத்தி வந்து விழுங்கிவிடுவார், பிறகு தன்னையே திட்டிக்கொள்வார்.

மாதங்கள் போயின. பரிசோதனை நாளில் மருத்துவர் அறைக்கு வெளியே நான்தான் நின்றேன். கதவைத் திறந்து வந்த ஏணிக்காரர் முகத்தை உம்மென்று வைத்திருந்தார்.

"ஏணியத் துடைச்சு வச்சிருக்கீங்களாடா?" என்றார்.

ஆள் நடமாடும் தாழ்வாரம் என்றும் பார்க்காமல் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் கைகள் இப்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று தொட்டன.